பேர் கிடைக்குமா, எவ்வளவு ஆகும்?

புதிதாக ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருகிறவர்கள் ட்ரேட்மார்க் வக்கீலின் அறைக்குள் நுழைந்ததும் கேட்பது இரண்டே கேள்விகள். இந்தப் பேர் கிடைக்குமா? பதிவு செய்ய எவ்வளவு ஆகும்? முதல் கேள்விக்கு இரண்டே நிமிடத்தில் "கிடைக்கும்" என்று சொல்லிவிடுகிறவரும், இரண்டாவது கேள்விக்கு ஒரே ஒரு தொகையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறவரும் வேலையைப் பாதியில் விடுகிறார்கள் என்றே நான் சொல்வேன். விவரம் தெரிந்த வக்கீல் பதில் சொல்வதற்கு முன்னால் நம்மிடமே பல கேள்விகள் கேட்பார். அவை ஏன் கேட்கப்படுகின்றன என்று தெரிந்துகொண்டு போனால் பணமும் மிஞ்சும், பெயரும் நிலைக்கும்.

பேச்சை எளிதாக்க ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆட்கள், பெயர்கள், தேடலில் கிடைப்பவை எல்லாம் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. சட்டமும் அரசுக் கட்டணமும் மட்டும் உள்ளபடியே.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெண். வீட்டிலேயே சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, பிரியாணி மசாலா அரைத்தும் எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய் போட்டும் அக்கம்பக்கத்தில் விற்றுவருகிறார். இப்போது பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறார். பிராண்ட் பெயர் 'தாழை'. ஸ்டிக்கர் அச்சடிக்கும் முன் கோயம்புத்தூரில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறார்.

"மேடம், தாழைங்கற பேர் காலியா இருக்குதான்னு பார்த்துச் சொல்லுங்க" என்கிறார்.

"பார்த்துடலாம்மா. அதுக்கு முன்னாடி, என்னென்ன விக்கறீங்க? பொடியா, ஊறுகாயா, எண்ணெயும் உண்டா?"

பெயரைக் கேட்டால் பொருளை விசாரிக்கிறாரே என்று தோன்றும். ஆனால் ட்ரேட்மார்க் பதிவேட்டில் பெயர் மட்டும் தனியாக இருப்பதில்லை. எந்தப் பொருளுக்கு எந்தப் பெயர் என்றுதான் பதிவாகும். பொருள்களும் சேவைகளும் 45 கிளாஸ்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சாம்பார்ப் பொடி, மசாலா, அரிசி மாவு, காபி, முறுக்கு எல்லாம் 30-வது கிளாஸ். ஊறுகாயும் சமையல் எண்ணெயும் 29. இதையே ஓட்டல் நடத்திச் சமைத்துப் போட்டால் 43. ஒரே அடுப்படியில் செய்கிற பொடியும் ஊறுகாயும் பதிவேட்டில் இரண்டு வெவ்வேறு கிளாஸ்களில் போய் உட்காரும் என்பது முதலில் தெரியவேண்டிய செய்தி. கட்டணம் கிளாஸ் கணக்கில்தான் என்பதால் செலவும் இங்கேதான் முடிவாகிறது.

அடுத்த கேள்வி இன்னும் நுணுக்கமானது. "உங்க பிரியாணி மசாலால தாழம்பூ எசன்ஸ் சேர்க்கறீங்களா?" சேர்ப்பதாக இருந்தால் 'தாழை' என்ற பெயர் அந்தப் பொருளில் இருக்கிற ஒரு சேர்மானத்தையே சொல்வதாகிவிடும். பொருளின் தன்மையையோ தரத்தையோ ஊரையோ விவரிக்கிற சொல்லை ஒருவருக்கு மட்டும் சொந்தமாக்க 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம் தயங்குகிறது. அதன் 9-வது பிரிவு சொல்வது இதைத்தான். 'சுத்தமான மசாலா', 'காரசாரம்' போன்ற பெயர்களுக்கு வருகிற ஆட்சேபங்களில் பெரும்பகுதி இந்தப் பிரிவின் கீழ்தான். யாரும் அந்தப் பெயரைப் பதியாமல் விட்டிருப்பதாலேயே அது நமக்குக் கிடைத்துவிடும் என்று பொருளில்லை. நீண்டகாலம் விற்று, அந்தச் சொல்லைக் கேட்டாலே மக்களுக்கு அந்தக் கடைதான் ஞாபகம் வரும் என்று நிரூபிக்க முடிந்தால் வழி உண்டு. நேற்று தொடங்கியவருக்கு அது முடியாது.

இனித் தேடல். ட்ரேட்மார்க் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் ipindia.gov.in தளத்தில் இலவசமாகத் தேடலாம். அங்கே மூன்று வழிகள் உண்டு. எழுத்தை வைத்துத் தேடுவது Wordmark, ஒலியை வைத்துத் தேடுவது Phonetic, படத்தை வைத்துத் தேடுவது Vienna Code. பலர் முதல் வழியில் பெயரை அப்படியே அடித்து, கிளாஸைப் போட்டு, ஒன்றும் வரவில்லை என்றதும் மகிழ்ச்சியோடு மூடிவிடுகிறார்கள். தமிழ்ப் பெயர்களுக்கு இந்த இடத்தில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. தேடுவது ஆங்கில எழுத்தில். 'தாழை'யை ஒருவர் Thazhai என்று எழுதியிருப்பார், இன்னொருவர் Thalai, மற்றொருவர் Tazhai, Thaazhai, Dhaalai. நம்முடைய ழகரத்துக்கு ஆங்கிலத்தில் நிலையான எழுத்து கிடையாது. த, ட, க, ப எல்லாமே இரண்டு மூன்று விதமாக எழுதப்படுகின்றன. ஒலித் தேடலும் ஆங்கில உச்சரிப்பை வைத்துக் கணக்கிடுவதால் இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கொடுத்துவிடும் என்று நம்பமுடியாது. தமிழ்க் காதுள்ள ஒருவர் உட்கார்ந்து எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் பார்க்கவேண்டும். வக்கீலிடம் தேடல் அறிக்கை வாங்கும்போது எந்தெந்த எழுத்துக்கூட்டல்களில் தேடினீர்கள் என்று கேளுங்கள். ஒன்றே ஒன்றைச் சொன்னால் அந்தத் தேடல் போதாது.

நம் உதாரணத்தில் Thazhai என்று தேடியபோது 30-வது கிளாஸில் எதுவும் வரவில்லை. Thalai என்று போட்டதும் அதே கிளாஸில் ஒரு மனு வருகிறது. அரிசி மாவு, இடியாப்ப மாவுக்காக யாரோ கொடுத்தது. ஆங்கிலத்தில் பார்த்தால் அது 'தலை'யாகவும் இருக்கலாம், 'தாளை'யாகவும் இருக்கலாம். வக்கீல் மனுவைத் திறந்து அதிலுள்ள லேபிளைப் பார்க்கிறார். தாழம்பூ படம், கீழே தமிழில் 'தாழை'. தேடியதற்கான பலன் அந்த லேபிளில் இருந்தது.

"இது Objected-னுதானே மேடம் போட்டிருக்கு? அப்ப பதிவாகலைதானுங்களே?"

"பதிவாகலைம்மா. ஆனா கேஸ் உயிரோட இருக்கு. உங்களுக்கு முன்னாடி மனு கொடுத்தவங்க அவங்க. நாளைக்கு உங்க மனுவைப் பரிசோதிக்கிற அதிகாரி முதல்ல எடுத்துக்காட்டப்போறதே இதைத்தான்."

மனுக்களின் பக்கத்தில் காணப்படும் இந்த நிலைக்குறிப்புகளைப் படிக்கத் தெரிவதுதான் வக்கீலுக்குக் கொடுக்கிற பணத்தின் மதிப்பு. Registered என்றால் சந்தேகமில்லை. Objected என்றால் அதிகாரி ஆட்சேபம் எழுப்பியிருக்கிறார், பதில் சொல்லி மீண்டுவிடலாம். Opposed என்றால் இன்னொரு வியாபாரி எதிர்த்திருக்கிறார், வழக்குப்போல நடந்துகொண்டிருக்கிறது. Abandoned, Removed என்று பார்த்தால் பலருக்கும் நிம்மதி வந்துவிடும். அங்கேதான் கவனம் வேண்டும். மனு கைவிடப்பட்டது என்பதால் வியாபாரமும் கைவிடப்பட்டதாக ஆகிவிடாது. பதில் போட மறந்து மனுவை இழந்தவர் அதே பெயரில் அடுத்த மாவட்டத்தில் ஜோராக விற்றுக்கொண்டிருக்கலாம். பதிவில்லாமல் விற்கிறவருக்கும் இந்தச் சட்டத்தில் உரிமை உண்டு.

எவ்வளவு உரிமை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெயர்பெற்ற வழக்கு ஒன்று இருக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா. நெல்லையப்பர் கோயில் பக்கம் தலைமுறைகளாக அல்வா விற்றுவந்த கடையை மக்கள் அந்தப் பெயரால் அழைத்தார்கள். பின்னால் வந்த இன்னொருவர் 'திருநெல்வேலி' என்ற சொல்லை முன்னால் சேர்த்து அதே பெயரைத் தனக்கும் பதிவு செய்துகொண்டார். என்னிடமும் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது, என்னை எப்படித் தடுக்க முடியும் என்பது அவர் வாதம். 2015-இல் உச்ச நீதிமன்றம் பழைய கடைக்கே சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. முன்பிருந்தே பெயரைப் பயன்படுத்தி வருகிறவரின் உரிமை, பதிவு பெற்றவரின் உரிமையைவிட மேலானது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எனவே பதிவேட்டில் தேடுவதோடு வேலை முடியாது. கூகுளில், இன்ஸ்டாகிராமில், ஆன்லைன் கடைகளில், நாம் விற்கப்போகிற ஊர்களின் மளிகைக் கடை அலமாரிகளில், கம்பெனிப் பதிவேட்டில், இணைய முகவரிகளில் எல்லாம் பார்க்கவேண்டும். இந்த வேலையில் பாதியை நாமே செய்யலாம். வக்கீலைவிட அந்தச் சந்தை நமக்குத்தான் தெரியும். ஜி.எஸ்.டி. எடுத்துவிட்டேன், உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறது, உத்யம் சான்றிதழில் கடைப்பெயர் வந்துவிட்டது, ஆகவே பெயர் என்னுடையது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அவற்றில் எதுவும் பெயருக்கான உரிமையைத் தருவதில்லை.

இன்னொரு சந்தேகமும் எழும். மாவு விற்கிறவர் 30-இல் இருந்தால், ஊறுகாய்க்கு மட்டும் 29-இல் 'தாழை'யைப் பதிந்துகொள்ளலாமே? பதிவேட்டு எண்ணைப் பார்த்தால் சரியாகத் தோன்றும். சட்டமோ கடைக்கு வருகிறவரின் மனதைப் பார்க்கிறது. 1959-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. குளுக்கோஸ் பவுடர் விற்ற நிறுவனத்தின் பெயர் 'குளுக்கோவிட்டா'. இன்னொரு நிறுவனம் பிஸ்கட்டுக்கு 'குளுவிட்டா' என்று பதிய வந்தது. பொருள் வேறு என்றாலும், பிஸ்கட் செய்யக் குளுக்கோஸ் பயன்படுகிறது, இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதாக வாங்குகிறவர் நினைத்துவிடுவார் என்று சொல்லி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மாவும் ஊறுகாயும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருப்பவை. சோப்புக்கோ ஊதுபத்திக்கோ 'தாழம்பூ' என்ற பதிவு இருந்தால் அதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டியிருக்காது.

'தாழை மசாலா', 'நம்ம ஊர் தாழை' என்று ஏதாவது சேர்த்துக்கொண்டால் ஆகாதா? ஆகாது. மசாலா என்பது பொருளின் பெயர், அதற்கு எடையில்லை. ஒப்பிடும்போது எஞ்சி நிற்பது 'தாழை'தான். வக்கீலின் யோசனை, வேறு பெயரைப் பாருங்கள் என்பது. அந்தப் பெண்ணுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். பெயர் வைக்கிறவர்களுக்கு அது வீட்டில் பிறந்த பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் இந்தக் கட்டத்தில் போனது தேடல் கட்டணம் மட்டுமே. மனு போட்டபின் பெயரைக் கணிசமாக மாற்றச் சட்டம் இடம் கொடுக்காது. மனு தள்ளுபடியானால் அரசுக் கட்டணம் திரும்பி வராது. அதற்குள் அச்சடித்த பாக்கெட்டுகளின் செலவு தனி.

அவர் கையில் இருந்த இரண்டாவது பெயர் 'சிறுகுயில்'. குயிலுக்கும் சாம்பார்ப் பொடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ட்ரேட்மார்க்கில் அதுதான் பலம். Sirukuyil, Chirukuyil, Siru Kuyil என்று தேடியாயிற்று. Contains என்ற தெரிவில் வெறும் kuyil போட்டும் பார்த்தாயிற்று. உணவுப் பொருள்களில் அருகில் வருகிற பெயர் எதுவும் இல்லை, துணிக்கு ஒரு 'குயில்' மட்டும் இருக்கிறது. சந்தையிலும் தேடிப் பார்த்தார்கள், இல்லை. இனி மனு போடலாம். நூற்றுக்கு நூறு கிடைத்துவிடும் என்று இப்போதும் நல்ல வக்கீல் சொல்லமாட்டார். போன வாரம் யாராவது மனு போட்டிருந்தால் அது தளத்தில் தெரியச் சில நாள் ஆகும். அபாயம் எவ்வளவு என்பதை மட்டுமே அவரால் எடைபோட முடியும்.

இனிச் செலவுக் கணக்கு. இதில் அரசுக்குப் போவது வேறு, வக்கீலுக்குப் போவது வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்கவேண்டும். அரசுக் கட்டணம் 2017-ஆம் ஆண்டின் விதிகளில் நிர்ணயிக்கப்பட்டது. ஆன்லைனில் மனு போட, தனிநபர், அங்கீகரிக்கப்பட்ட ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் ஒரு பெயருக்கு ஒரு கிளாஸுக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. காகிதத்தில் கொடுத்தால் 5,000, 10,000. ஒருவரே சொந்தமாக நடத்துகிற தொழிலுக்குத் தனிநபர் கட்டணம் பொருந்தும். கூட்டு நிறுவனமோ பிரைவேட் லிமிடெட்டோ சலுகைக் கட்டணத்தில் போட உத்யம் சான்றிதழ் போன்ற ஆதாரம் இணைக்கவேண்டும். சான்றிதழ் எடுக்காமலே மனு போட்டு இரட்டிப்புக் கட்டியவர்கள் உண்டு.

நம் கணக்கில் இரண்டு கிளாஸ், ஆகவே 9,000. கூடவே குயில் படம் போட்ட லோகோவையும் தனியாகப் பதியவேண்டுமென்றால் இன்னொரு 9,000. "முதல்ல எழுத்தை மட்டும் பதிஞ்சுக்குவோம்மா. லோகோ நாளைக்கு மாறும், பேர் மாறாது" என்கிறார் வக்கீல். கையில் பணம் குறைவாக உள்ளவர்களுக்கு இது சரியான யோசனை என்று எனக்கும் படுகிறது. எழுத்தைப் பதிந்தால் எந்த வடிவில், எந்த நிறத்தில் எழுதினாலும் அது காக்கும்.

இரண்டு கிளாஸையும் ஒரே மனுவில் போடலாம், தனித்தனியாகவும் போடலாம். கட்டணத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரே மனுவில் போட்டு ஒரு கிளாஸுக்குத் தகராறு வந்தால், மற்றதும் அதோடு சேர்ந்து காத்துக்கிடக்கும். தனித்தனியாகப் போட்டுவிடுவது நல்லது.

வக்கீல் கட்டணத்துக்கு விலைப்பட்டியல் எதுவும் கிடையாது, ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். பேச்சுக்கு, இவர் தேடல் கருத்துக்கு ஒரு பெயருக்கு 2,500, மனு தாக்கலுக்கு ஒரு கிளாஸுக்கு 4,000 கேட்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பெயர் தேடியதற்கு 5,000, தாக்கலுக்கு 8,000, அரசுக்கு 9,000, வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கிற TM-48 படிவத்துக்கான ஸ்டாம்ப் பேப்பர் வகையில் 500. மொத்தம் 22,500 ரூபாய்.

விளம்பரங்களில் காணப்படும் மலிவான பேக்கேஜ்களோடு இதை ஒப்பிட்டு மலைக்கவேண்டாம். அவை பெரும்பாலும் தாக்கலோடு நின்றுவிடுகிற தொகை. மனு போட்டபின் அதிகாரி பரிசோதனை அறிக்கை அனுப்புவார். ஆட்சேபம் இருந்தால் 30 நாளுக்குள் பதில் போகவேண்டும். அரசுக்கு இதற்குக் கட்டணமில்லை, எழுதுகிறவருக்கு உண்டு. பதிலில் அதிகாரிக்குத் திருப்தி இல்லையென்றால் விசாரணை வரும். ஒரு கிளாஸுக்குப் பதில் எழுத 4,000, விசாரணைக்கு 3,000 என்று வைத்தாலும் மொத்தம் 29,500 ஆகிவிடுகிறது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: "இந்தத் தொகைல ஆட்சேபத்துக்குப் பதில் எழுதறதும் விசாரணைக்கு வர்றதும் சேர்த்தியா? இல்லைன்னா ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு?"

ஆட்சேபம் தீர்ந்தால் பெயர் ட்ரேட்மார்க் ஜர்னலில் வெளியாகும். அதிலிருந்து நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எவரும் எதிர்க்காவிட்டால் சான்றிதழ் வரும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எதிர்த்தால் இரண்டு மாதத்துக்குள் பதிலுரை தரவேண்டும். அதற்கு ஆன்லைனில் கிளாஸுக்கு 2,700 ரூபாய், பிறகு சாட்சியம், விசாரணை என்று நீளும். தவறவிட்டால் மனுவைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். இது எல்லோருக்கும் வருகிற செலவல்ல. ஆனால் தேடலில் கவனமாக இருந்தவர்களுக்கு இந்தச் செலவு வருகிற வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

மனுவைத் தாக்கல் செய்யும் முன் அதன் நகலை வாங்கிப் படியுங்கள். இரண்டு இடங்களில் தவறு நடப்பதைப் பார்க்கிறோம். ஒன்று, உரிமையாளர் பெயர். கணவர் பெயரில் கடை, மனைவி பெயரில் உரிமம், மகன் பெயரில் மனு என்று ஆனால் பின்னால் சிக்கல். இரண்டு, பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்ற கட்டம். நம் பொள்ளாச்சிக்காரர் பல வருடமாகப் பொடி விற்கலாம், ஆனால் 'சிறுகுயில்' என்ற பெயரில் ஒரு பாக்கெட்டும் விற்றதில்லை. அவர் மனுவில் இனிமேல் பயன்படுத்தப்போகும் பெயர் என்றுதான் வரவேண்டும். பழைய தேதி போட்டால் பலம் கூடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பழைய தேதிக்குப் பிரமாணப் பத்திரமும் பில், விளம்பரம் போன்ற ஆதாரங்களும் கொடுக்கவேண்டும். பொய்த் தேதி பிறகு எதிராளியின் கையில் ஆயுதமாகிவிடும்.

மனு எண்ணை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். பரிசோதனை அறிக்கை மனுவில் உள்ள மின்னஞ்சலுக்குத்தான் போகும். அது ஏஜென்சியின் மின்னஞ்சலாக இருந்து, அவர்கள் கவனிக்காமல் விட்டால் 30 நாள் ஓடிவிடும். நல்ல பெயர்கள் பலவும் போனது இப்படித்தான். ipindia.gov.in தளத்தில் எண்ணைப் போட்டால் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று நாமே பார்க்கலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

சான்றிதழ் கிடைத்தால் உரிமை மனு கொடுத்த நாளிலிருந்தே கணக்காகும், பத்து வருடம் செல்லும். புதுப்பிக்க ஆன்லைனில் கிளாஸுக்கு 9,000, இதில் சிறு தொழிலுக்குச் சலுகை கிடையாது. பதிந்துவிட்டு ஐந்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அதை நீக்கக்கோரி மற்றவர் மனு போடலாம். என்றாவது செய்வோம் என்று ஏழெட்டு கிளாஸில் பதிந்து வைக்க ஆசைப்படுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளவேண்டும்.

கிளம்பும்போது அந்தப் பெண் கேட்கிறார், "ஸ்டிக்கர்ல அந்த வட்டத்துக்குள்ள ஆர் போட்டுக்கலாமுங்களா மேடம்?"

"இப்ப வேண்டாம்மா. TM-னு சின்னதா போட்டுக்குங்க, அதுக்குத் தடையில்லை. சான்றிதழ் வராம ® போட்டா சட்டப்படி தப்பு. முதல் தடவைக்குக் கொஞ்சமா அச்சடிங்க."